முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவது குழந்தைக்கு ஏன் ஆனது? ஓர் ஆர்எச் கேஸ்

நோயெதிர்ப்பியல் வகுப்புக் குறிப்புகளில் "தன்னுடையது, அந்நியமானது" என்ற பாடத்தை எடுத்தால் வழக்கமாகக் கிருமியில்தான் ஆரம்பிப்பார்கள். கிருமி வெளியிலிருந்து வருகிறது, அதனால் அந்நியம், உடல் அதை அடிக்கிறது என்று கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் உடல் எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு அதில் பதிலே இருக்காது. எனக்கு இந்தப் பாடம் உண்மையில் பிடிபட்டது கிருமியே இல்லாத ஒரு கேஸில்தான். அதில் வரும் "அந்நியம்" கணவருடைய ரத்தத்திலும் குழந்தையின் ரத்தத்திலும் ரொம்பச் சாதாரணமாக இருக்கிற ஒரு புரதம்.

1937இல் நியூயார்க்கில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டாவது பிரசவம், குழந்தை இறந்தே பிறந்தது. ரத்தம் நிறையப் போனதால் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவரும் ஓ குரூப், அன்றைய கணக்குப்படி பொருந்தவேண்டிய ரத்தம். ஆனால் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே குளிர் நடுக்கம், வலி, அப்புறம் சிறுநீரில் ரத்தம் என்று ஏற்றிய செல்கள் உடைவதற்கான அடையாளங்கள் எல்லாம் வந்துவிட்டன. மருத்துவர்கள் பிலிப் லெவைனும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் அவருடைய ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தை எடுத்து மற்ற ஓ குரூப் ஆட்களின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தார்கள். 104 பேரில் 80 பேரின் செல்கள் கட்டியாகிவிட்டன, அதாவது பெரும்பாலானவர்களிடம் இருக்கிற ஏதோ ஒன்றுக்கு எதிராக இந்தப் பெண்ணின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தது. அதற்கு முன்னால் அவருக்கு யாருடைய ரத்தமும் ஏற்றியதே கிடையாது. அப்படியானால் அந்த எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது?

வயிற்றில் இருந்த குழந்தையிடமிருந்து, என்று 1939இல் வெளியான கட்டுரையில் அவர்கள் எழுதினார்கள். குழந்தை அப்பாவிடமிருந்து பெற்ற ஒன்று அம்மாவிடம் இல்லை, அது அம்மாவின் ரத்தத்துக்குள் போய் எதிர்ப்பைக் கிளப்பியிருக்கிறது, அதேதான் கணவரின் ரத்தத்திலும் இருந்தது. அடுத்த வருடம் லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த சோதனையிலிருந்து ஆர்எச் என்ற பெயர் வந்தது. நம் ரத்த குரூப்பின் பின்னால் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் அதுதான்.

அம்மாவுக்கு அது ஏன் அந்நியம்?

ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆர்எச் பாசிட்டிவ் ஆட்களின் சிவப்பணு மேல் இருக்கும் புரதத்தை ஆய்வகத்தில் "டி" என்பார்கள். நோயெதிர்ப்பில் "டி செல்" என்று வேறொன்று இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அதனால் புரதத்தை இங்கே ஆர்எச் புரதம் என்றே எழுதுகிறேன்.

உடலிடம் "இவை என் புரதங்கள்" என்ற பட்டியல் எதுவும் கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உருவாகி, பின்னாளில் எதிர்ப்பொருள் தயாரிக்கப்போகும் ஒவ்வொரு பி செல்லும், எதையாவது பிடிப்பதற்காகத் தன் மேல் வைத்திருக்கும் ஏற்பியை மரபணுத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டுத்தான் தயாரித்துக்கொள்கிறது. அது எதைப் பிடிக்கும் என்பதை யாரும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. உலகத்தில் இல்லாத வடிவங்களைப் பிடிக்கும் செல்கள் வரும், கிருமியைப் பிடிக்கும் செல்கள் வரும், சொந்த உடலையே பிடிக்கும் செல்களும் வரும். அதற்குப் பிறகுதான் களையெடுப்பு. மஜ்ஜையிலேயே இருக்கும்போது ஏதாவது ஒன்றை இறுகப் பிடித்துவிட்ட பி செல் ஏற்பியை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாகவோ செயலிழக்கவோ வேண்டும். அங்கே கையில் கிடைப்பது பெரும்பாலும் சொந்தச் சரக்குதான் என்பதால் இது வேலை செய்கிறது. டி செல்களுக்கு இதே மாதிரியான வடிகட்டல் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் நடக்கிறது.

ஆகவே "தன்னுடையது" என்றால், களையெடுக்கும் இடத்தில் களையெடுக்கும் நேரத்தில் இருந்தது, அவ்வளவுதான். 1945இல் ரே ஓவன் மாடுகளில் காட்டியது இதைத்தான். வயிற்றில் நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்ட இரட்டைக் கன்றுகள், ஒரே மாதிரி இரட்டையாக இல்லாவிட்டாலும், வளர்ந்த பிறகும் ஒன்றின் சிவப்பணுக்களை மற்றொன்று சண்டை சச்சரவு இல்லாமல் வைத்திருந்தன. மரபணுப்படி அவை அந்நியச் செல்கள். ஆனால் ஆரம்பத்திலேயே அங்கே இருந்ததால் சொந்தமாகிவிட்டன.

இப்போது நம் கேஸுக்கு வருவோம். சிவப்பணுக்கள் உருவாவதும் அதே எலும்பு மஜ்ஜையில்தான். ஆர்எச் பாசிட்டிவ் ஆட்களின் மஜ்ஜையில் ஆர்எச் புரதம் கண்ணெதிரே இருக்கிறது, அதைப் பிடிக்கும் பி செல்கள் அங்கேயே நீங்கிவிடும். ஆர்எச் நெகட்டிவ் ஆட்களிடமோ அந்தப் புரதம் முற்றிலும் இல்லை, ஐரோப்பிய வம்சாவளியினரில் பெரும்பாலும் அதற்கான மரபணுவே முழுசாகக் காணாமல் போயிருக்கிறது. பார்க்காத ஒன்றுக்காக எந்தச் செல்லையும் களைய முடியாது. அதனால் அந்தப் புரதத்தைப் பிடிக்கத் தெரிந்த பி செல்கள் ஒரு ஆர்எச் நெகட்டிவ் பெண்ணின் உடலில் கல்யாணத்துக்கு முன்பும், பள்ளிக்கூடம் போகும் வயதிலும்கூட, எந்த வேலையும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் ஆர்எச் குடும்பத்தின் இன்னொரு புரதம் உண்டு, கிட்டத்தட்ட அதே அச்சு. 417 அமினோ அமிலங்களில் முப்பத்துச் சொச்சம் மட்டும்தான் வேறு. பொதுவான பகுதிகளைப் பிடிக்கும் செல்கள் அவரிடமும் களையப்பட்டிருக்கும். மிஞ்சியிருப்பவை அந்தச் சின்ன வித்தியாசங்களை மட்டும் பிடிப்பவை. களையெடுப்பு அவ்வளவு நெருக்கமாக நடக்கிறது, அவ்வளவு சின்ன இடைவெளியும் ஆபத்துக்குப் போதும்.

சரி, குழந்தையே பாதி அப்பாவின் மரபணு, அப்படியானால் அம்மாவின் உடல் முழுக் குழந்தையையும் ஏன் அடிப்பதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தனிக் கட்டுரைக்கான விஷயம். சுருக்கமாக: நஞ்சுக்கொடியின் வெளிப்புறச் செல்கள் வழக்கமான அடையாளப் புரதங்களில் முக்கியமானவற்றைக் காட்டுவதே இல்லை, அந்த இடத்தில் எதிர்ப்பை அடக்கும் டி செல்களும் கூடுகின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு நஞ்சு இருக்கும் இடத்துக்குத்தான். அம்மாவின் ரத்தத்தில் நேரடியாகக் கலந்துவிட்ட குழந்தையின் சிவப்பணுவுக்கு அது உதவாது.

முதல் பிரசவத்தில் நடப்பது

அந்தக் கலப்பு பெரும்பாலும் பிரசவத்தின்போது, நஞ்சு பிரியும் நேரத்தில் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மில்லிகூட இருக்காது. அந்தச் செல்கள் மண்ணீரல் வழியாகப் போகும்போது, பல வருடம் சும்மா இருந்த பி செல் ஒன்று முதல்முறையாகத் தன் இலக்கைச் சந்திக்கிறது. அது மட்டும் போதாது, பிடித்த புரதத்தை உள்ளே இழுத்துத் துண்டாக்கி மேலே காட்டவேண்டும், அந்தத் துண்டை அடையாளம் தெரிந்த உதவி டி செல் ஒன்று வந்து "சரி, இது உண்மையில் அந்நியம்தான்" என்று சம்மதிக்கவேண்டும். இரண்டு தனித்தனிச் செல்கள், தனித்தனியாக வடிகட்டப்பட்டவை, ஒரே புரதத்தைக் குறித்து ஒத்துப்போனால்தான் பி செல் பெருகும். இந்த இரட்டைப் பூட்டு இல்லாவிட்டால் நம் சொந்த உடலைத் தாக்கும் நோய்கள் எவ்வளவோ அதிகமாக இருந்திருக்கும்.

பெருகும் செல்கள் முதலில் தருவது ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள். ஐந்து அலகுகள் ஒட்டிய பெரிய மூலக்கூறு, நஞ்சைத் தாண்டாது. ஆர்எச் புரதத்துக்கு எதிரான முதல் பதில் மந்தமும்கூட, ரத்தத்தில் கண்டுபிடிக்கிற அளவுக்கு வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட. அதற்குள் முதல் குழந்தை தொட்டிலில் இருக்கிறது. தலைப்பில் இருக்கும் கேள்வியின் பாதிப் பதில் இதுதான்: முதல் குழந்தை தப்பித்தது எதிர்ப்பு வராததால் அல்ல, எதிர்ப்பு வருவதற்குள் அது வெளியே வந்துவிட்டதால்.

ஆனால் மண்ணீரலில் வேலை நிற்கவில்லை. அங்கே பெருகும் பி செல்கள் தங்கள் ஏற்பி மரபணுவில் திட்டமிட்டே சிறுசிறு பிழைகளைச் செய்துகொள்கின்றன, இலக்கை இன்னும் இறுகப் பிடிப்பவை மட்டும் உயிர்வாழ அனுமதிக்கப்படுகின்றன. அதோடு ஐஜிஎம் செய்வதை விட்டு ஐஜிஜி என்ற சின்ன எதிர்ப்பொருளுக்கு மாறுகின்றன. கடைசியில் இரண்டு வகைச் செல்கள் மிஞ்சும். ஒன்று எலும்பு மஜ்ஜையில் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் ஐஜிஜியைக் கசியவிடும் பிளாஸ்மா செல். மற்றது எதுவும் சுரக்காமல் அமைதியாகச் சுற்றிவரும் நினைவு பி செல், இந்தக் கேஸின் முக்கியப் பாத்திரம்.

இரண்டாவது கர்ப்பம்

நினைவு செல்லுக்குத் தூண்டுதல் கொஞ்சம் போதும். கர்ப்ப காலத்திலேயே நஞ்சு வழியே கசியும் ஒரு மில்லியில் ஒரு சின்னப் பங்கு ரத்தம் போதும், மாதக்கணக்கில் வந்த பதில் இப்போது நாள்கணக்கில் வரும், வருவதும் நேரடியாக ஐஜிஜி. நஞ்சில் ஐஜிஜியைப் பிடித்துக் குழந்தையின் பக்கம் அனுப்புவதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதங்கள் அம்மாவின் எதிர்ப்பொருள்தான் காவல் என்பதால் அமைந்த ஏற்பாடு அது. அந்த ஏற்பி இது தட்டம்மைக்கான ஐஜிஜியா, சொந்தப் பிள்ளையின் ரத்தத்துக்கு எதிரான ஐஜிஜியா என்று பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் அனுப்பிவிடும்.

குழந்தையின் சிவப்பணுக்கள் மேல் ஐஜிஜி படிகிறது, குழந்தையின் மண்ணீரலில் இருக்கும் விழுங்கு செல்கள் அதன் வாலைப் பிடித்து அந்தச் செல்களை அழிக்கின்றன. ரத்தசோகை வருகிறது. ஈரலும் மண்ணீரலும் ரத்தம் தயாரிக்க முயன்று வீங்குகின்றன. முற்றினால் உடம்பெல்லாம் நீர் கோத்து, லெவைன் பார்த்த கேஸைப் போல வயிற்றிலேயே இறக்கலாம். உடைந்த செல்களிலிருந்து வரும் மஞ்சள் நிறக் கழிவான பிலிருபினை வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் ஈரல் கழித்துவிடுகிறது. அதனால் குழந்தை பிறக்கும்போது மஞ்சளாக இருக்காது, தொப்புள்கொடி வெட்டிய 24 மணி நேரத்துக்குள் மளமளவென்று மஞ்சள் ஏறும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம் என்று சும்மா இருந்துவிடக் கூடாத மஞ்சள் இது. முதல் நாளிலேயே வந்தால் உடனே பார்க்கவேண்டும், ஏனென்றால் பிலிருபின் மூளையில் படிந்தால் கேட்கும் திறனும் உடல் அசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

அம்மாவுக்கு நினைவு செல் உருவாகிவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நேராகச் செல்லைத் தேடுவதில்லை, அதோடு சேர்ந்து உருவான பிளாஸ்மா செல்கள் விட்ட ஐஜிஜியைத் தேடுகிறோம். மறைமுக கூம்ஸ் சோதனை, மருத்துவமனைகளில் ஐசிடி என்பார்கள். அம்மாவின் சீரத்தை ஓ பாசிட்டிவ் செல்களோடு கலந்து 37 டிகிரியில் வைக்கிறோம். ஐஜிஜி இருந்தால் செல்லில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஒன்றையொன்று விலக்கும் சிவப்பணுக்களை இழுத்துக் கட்டும் அளவுக்கு நீளம் அதற்குக் கிடையாது, எனவே கண்ணுக்கு எதுவும் தெரியாது. செல்களை உப்புநீரில் மூன்று தடவை கழுவி, மனித ஐஜிஜியையே பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருளை விடுகிறோம். இப்போது அது பாலமாகி, செல்கள் கட்டியாகும். கழுவுவதில் அலட்சியம் செய்தால் மிச்சமிருக்கும் சீரத்தின் ஐஜிஜி அந்தக் கடைசி மருந்தைச் சாப்பிட்டுவிடும், பாசிட்டிவ் ஆக வேண்டியது நெகட்டிவ் என்று வந்துவிடும். இதற்காகத்தான் நெகட்டிவ் வந்த குழாயில் ஏற்கெனவே ஐஜிஜி பூசிய செல்களைக் கடைசியில் விட்டுப் பார்க்கிறோம். அவை கட்டியாகாவிட்டால் சோதனையே செல்லாது.

ஒரு உதாரணத்துக்கு, இரண்டாவது கர்ப்பத்தில் ஆர்எச் நெகட்டிவ் பெண் ஒருவர், கணவர் பாசிட்டிவ், முதல் பிரசவத்தில், பின்னால் சொல்லப்போகும் தடுப்பு ஊசி எதுவும் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 12 வாரத்தில் சீரத்தை இரட்டை இரட்டையாக நீர்த்துப் பார்த்ததில் 1:4 வரை கட்டியாகிறது. அதாவது நினைவு இருக்கிறது, வேகம் இன்னும் இல்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கிறார்கள். 24 வாரத்தில் 1:32. பொதுவாக 1:16 அல்லது 1:32ஐ எல்லையாக வைப்பார்கள். அதைத் தாண்டிய பிறகு அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு, குழந்தையைத்தான் பார்க்கவேண்டும். குழந்தையின் மூளைக்குப் போகும் நடு ரத்தக் குழாயில் டாப்ளர் ஸ்கேன் வைத்து ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளப்பார்கள், சோகையான ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும். அந்த வாரத்துக்கான நடு அளவைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கடும் சோகை என்று சந்தேகித்து, தேவைப்பட்டால் தொப்புள்கொடி ரத்தக் குழாய் வழியாக ஓ நெகட்டிவ் ரத்தத்தை வயிற்றில் இருக்கும்போதே ஏற்றுவார்கள். கருவிலேயே ரத்தம் ஏற்றுவதை 1963இல் நியூசிலாந்தில் வில்லியம் லைலி தொடங்கிவைத்தார், அப்போது குழந்தையின் வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். ஏற்றுகிற ரத்தம் நெகட்டிவாக இருப்பதால் அம்மாவின் ஐஜிஜிக்குப் பிடிக்க அதில் ஒன்றுமே இருக்காது.

நினைவு உருவாகும் முன்பே தடுப்பது

இதைத் தடுக்கும் வழி வினோதமானது: எந்த எதிர்ப்பொருள் வந்துவிடக் கூடாதோ அதையே ஊசியாகப் போடுவது. இதற்கான தடயம் இயற்கையிலேயே இருந்தது. அம்மா ஓ குரூப்பாகவும் குழந்தை ஏ குரூப்பாகவும் இருந்தால் ஆர்எச் பிரச்சினை குறைவாக வந்தது. அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கும் ஏ எதிர்ப்பொருள், கசிந்த செல்களை மற்ற செல்கள் கவனிக்கும் முன்பே தீர்த்துக்கட்டிவிடுவதுதான் காரணம். ஊசி இல்லாத காலத்தில் ஏபிஓ பொருந்திய ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையைப் பெற்றவர்களில் சுமார் 16 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு உருவானது, ஏபிஓ பொருந்தாதபோது சுமார் 2 சதவீதம்தான். இதைச் செயற்கையாகச் செய்துபார்க்கலாமே என்று லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் தனித்தனிக் குழுக்கள் இறங்கின, 1968இல் ஆர்எச் புரதத்துக்கு எதிரான ஆன்டி-டி ஊசி பயன்பாட்டுக்கு வந்தது. பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் என்ற விதி உயிரியலிலிருந்து வந்ததல்ல. நியூயார்க் குழு சிங் சிங் சிறைக் கைதிகளிடம் சோதித்தபோது மூன்று நாளுக்கு ஒருமுறைதான் உள்ளே போக முடிந்தது, அந்த இடைவெளியில் போட்டது பலித்தது, அதுவே விதியாக நின்றுவிட்டது. அதனால் 72 மணி நேரம் தாண்டிவிட்டது என்று ஊசியையே விட்டுவிடக் கூடாது, தாமதமாகப் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு.

300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று குழந்தையின் ரத்தம் சுமார் 30 மில்லிவரை சமாளிக்கும். அதற்கு மேல் கசிந்திருந்தால் ஒரு ஊசி போதாது. கசிவு அதிகம் என்று சந்தேகம் வந்தால் அம்மாவின் ரத்தத்தில் குழந்தையின் செல்களை எண்ணிப் பார்த்துக் கூடுதல் ஊசி போடவேண்டும். பிரசவத்துக்குப் பின் மட்டும் போட்டால் எதிர்ப்பு உருவாவது 1, 2 சதவீதமாக இறங்குகிறது. மிச்சம் வருவது கடைசி மூன்று மாதக் கசிவால் என்பதால் 28 வாரத்திலும் ஒன்று போடுகிறார்கள், அப்போது இன்னும் பத்தில் ஒரு பங்காகிறது. இந்த 28 வார ஊசிக்குப் பிறகு ஐசிடி செய்தால் லேசாகப் பாசிட்டிவ் காட்டும். பயப்பட வேண்டாம், ஊசியில் போன ஐஜிஜிதான் அது. எண் 1:4க்குள் இருந்து போகப்போகக் குறைந்தால் ஊசியுடையது, ஏறிக்கொண்டே போனால் அம்மாவுடையது.

இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. குழந்தையின் செல்லில் இருக்கும் ஆர்எச் புரதங்களை எல்லாம் மூடிவிடுகிறது என்று சொல்வது பொருந்தாது, போடும் அளவு அதற்குக் காணாது. செல்களைச் சீக்கிரம் அப்புறப்படுத்துவதும், பி செல்லில் ஐஜிஜியை உணர்ந்து அடங்கிப்போகும் ஒரு தடை ஏற்பியும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தெளிவாகத் தெரிந்த ஒன்று உண்டு: நினைவு செல் ஒருமுறை உருவாகிவிட்டால் இந்த ஊசி எதுவும் செய்யாது. ஏற்கெனவே எதிர்ப்பு வந்துவிட்ட பெண்ணுக்கு அதைப் போடுவது வீண். கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாய்க் கர்ப்பம், வயிற்றில் அடிபடுவது எல்லாவற்றுக்கும் ஊசி உண்டா என்று கேட்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். "குழந்தைதான் தங்கவில்லையே, எதற்கு ஊசி" என்று விடப்பட்ட கேஸ்களின் விலையை அடுத்த குழந்தை கொடுக்கிறது. இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிற விஷயம், ஏனென்றால் தடுப்பது அவ்வளவு எளிது. இந்திய மக்களில் ஆர்எச் நெகட்டிவ் ஏறக்குறைய 5 சதவீதம்தான், அதனால் பார்க்கும் கேஸ்கள் குறைவு, மறதியும் அதிகம்.

இந்த ஊசிக்கான எதிர்ப்பொருளும் ஆட்களிடமிருந்துதான் வருகிறது. எதிர்ப்பு உருவாகிவிட்ட ஆர்எச் நெகட்டிவ் ஆட்கள் பிளாஸ்மா கொடுக்கிறார்கள், அவர்களின் அளவு இறங்கும்போது சிறிதளவு பாசிட்டிவ் செல்களைச் செலுத்தி நினைவு செல்களைத் திரும்பத் தூண்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் இப்படி 1,173 தடவை கொடுத்து, வயது வரம்பால் 2018இல் நிறுத்தினார். இரண்டாவது குழந்தையை அழிக்கும் அதே செல்தான் அவர் உடம்பில் ஊசிமருந்தைத் தயாரித்தது.

ஆர்எச் புரதம் ஒன்றுக்குத்தான் இந்தத் தடுப்பு. அதே ஆர்எச் குடும்பத்தின் சிறிய சி, அப்புறம் கெல் என்று வேறு சிவப்பணுப் புரதங்களுக்கு எதிராகவும் இதே கதை நடக்கலாம், அவற்றுக்கு ஊசி கிடையாது. கெல் எதிர்ப்பொருள் இன்னும் பொல்லாதது. அது முதிர்ந்த செல்களை அழிப்பதோடு குழந்தையின் மஜ்ஜையில் புதுச் செல்கள் உருவாவதையும் அடக்கிவிடுகிறது, அதனால் எண் 1:8 என்று குறைவாக இருந்தாலும் குழந்தை கடும் சோகையில் இருக்கலாம். ஐசிடி பாசிட்டிவ் வந்தால், எந்தப் புரதத்துக்கு எதிரானது என்று பேர் கண்டுபிடிக்காமல் எண்ணை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.